யாழ்ப்பாண ட்ரிப்பின் இலாபம்: ஒரு லொறிக் கணக்குத் தாளைச் சரிபார்த்த விதம்

கொழும்பு புறக்கோட்டையில், பழைய சோனகத் தெருவுக்கு அருகில் சிறிய அலுவலகம் வைத்து லொறிப் போக்குவரத்து நடத்தும் ஒரு முதலாளி, ஒரே லொறியின் அடுத்தடுத்த இரண்டு ட்ரிப் ஷீட்களைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். முதலாவது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய ட்ரிப். இரண்டாவது திருகோணமலை ட்ரிப். சாரதிகள் வேறு வேறு ஆட்கள். முதல் ட்ரிப்பில் டீசல் செலவு மிகக் குறைவாகவும் இரண்டாவதில் மிகக் கூடுதலாகவும் இருந்ததால், இரண்டாவது சாரதி டீசலை எங்கோ விற்கிறார் என்ற முடிவுக்கு முதலாளி ஏறத்தாழ வந்துவிட்டிருந்தார். அந்த ஆளை நிறுத்துவதற்கு முன் தாளை ஒருவர் பார்த்துவிடட்டும் என்பதே அவர் என்னை அழைத்ததன் நோக்கம்.

எளிதாகப் பின்தொடர்வதற்காக இங்கே தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். டீசல் விலையையும் எல்லா இடத்திலும் லீற்றருக்கு 280 ரூபா என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பகுதி யாழ்ப்பாணத் தாளைப் பற்றியது. திருகோணமலைத் தாள் அதற்குச் சாட்சியாக வருகிறது.

தாளில் இருந்தது

அலுவலகக் கணக்கப்பிள்ளை யாழ்ப்பாண ட்ரிப்புக்கு எழுதியிருந்த தாள் இதுதான்.

| விபரம் | ரூபா |
|---|---|
| போகும் சுமை, சரக்குக் கூலி | 125,600 |
| ஏற்றுக்கூலி (கடைக்காரர் தந்தது) | 5,600 |
| திரும்பும் சுமை, சரக்குக் கூலி | 40,000 |
| மொத்த வரவு | 171,200 |
| டீசல், 110 லீற்றர் | 30,800 |
| ஏற்றுக்கூலி, புறக்கோட்டை | 5,600 |
| இறக்குக்கூலி, யாழ்ப்பாணம் | 4,800 |
| சாரதி, உதவியாளர் படி | 20,000 |
| வழிச்செலவு | 3,200 |
| மொத்தச் செலவு | 64,400 |
| இலாபம் | 106,800 |

கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. ட்ரிப் ஷீட்டைச் சரிபார்க்கக் கொடுக்கும் பலர் கூட்டலைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் கணினியில் போட்ட தாளில் கூட்டல் பிழைப்பது அரிது. ஒரு தொகை எந்த வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அது இந்த ட்ரிப்புக்கு உரியதுதானா என்பதில்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. எனவே தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதன் பின்னால் குத்தியிருந்த காகிதங்களிலிருந்து தொடங்கினேன்: கடைக்காரருக்குப் போட்ட பில், காசோலைப் பிரதி, சரக்கு ஒப்படைப்புச் சீட்டு, டீசல் பில்கள், சாரதி கைப்பட எழுதிய செலவுச் சீட்டு.

சரக்குக் கூலியும் ஏற்றுக்கூலியும்

போகும் சுமை 50 கிலோ மூட்டைகள் 160, அதாவது 8,000 கிலோ. பேசிய கூலி கிலோவுக்கு 15 ரூபா. பெருக்கினால் 120,000 ரூபாதான் வருகிறது; தாளிலோ 125,600 இருந்தது. அந்தத் தொகையை 8,000 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 15 ரூபா 70 சதம் வருகிறது. அப்படி ஒரு விலையைப் புறக்கோட்டையில் யாரும் பேசமாட்டார்கள். பேச்சில் வராத விலை கணக்கில் வந்தால், சரக்குக் கூலியோடு வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கலந்திருந்தது ஏற்றுக்கூலி. புறக்கோட்டையில் மூட்டைகளை லொறியில் ஏற்றுவது நாட்டாமைகள். அவர்களுக்குக் கூலி மூட்டைக் கணக்கில் போகும். சில கடைக்காரர்கள் அதை நேரடியாகக் கொடுத்துவிடுவார்கள். வேறு சிலர் லொறிக்காரரையே கொடுக்கச் சொல்லிவிட்டுப் பில்லில் சேர்த்துத் தருவார்கள். இந்த ட்ரிப்பில் நடந்தது இரண்டாவது முறை. மூட்டைக்கு 35 ரூபாவாக 5,600 ரூபாவைச் சாரதி முற்பணத்திலிருந்து கொடுத்திருக்கிறார். கடைக்காரருக்குப் போட்ட பில்லில் சரக்குக் கூலி 120,000 என்றும் ஏற்றுக்கூலி 5,600 என்றும் இரண்டு வரிகள் இருந்தன. அவர் இரண்டையும் சேர்த்து 125,600 ரூபாவுக்கு ஒரே காசோலை கொடுத்திருக்கிறார். கணக்கப்பிள்ளை காசோலைத் தொகையைச் சரக்குக் கூலி வரியில் போட்டுவிட்டு, பிறகு பில் புத்தகத்தைப் பார்த்து ஏற்றுக்கூலியை இன்னொரு முறை வரவு வைத்துவிட்டார். 5,600 ரூபா இரண்டு தரம் வந்ததாகியது.

இந்தப் பிழை தெரியவந்தபிறகு முதலாளி ஒரு கேள்வி கேட்டார். கடைக்காரரே திருப்பித் தருகிற பணம் என்றால், வரவிலும் வேண்டாம் செலவிலும் வேண்டாம், தாளிலிருந்தே தூக்கிவிடலாமே என்றார். தூக்கினாலும் இலாபம் மாறாது என்பது உண்மை. ஆனாலும் இரண்டு பக்கமும் எழுதி வைப்பதையே நான் விரும்புகிறேன். சாரதி 160 மூட்டைக்குக் கூலி கொடுத்து, பில்லில் 140 மூட்டைக்கு மட்டும் கேட்டிருந்தால், தாளில் இரண்டு வரிகளும் அருகருகே இருக்கும்போதுதான் அந்த 700 ரூபா கண்ணில் படும். இரண்டையும் நீக்கிய தாளில் அது சாரதியின் கைக்கணக்கில் ஒரு குறையாக மட்டும் தோன்றி, அவர் தலையில் விழும்.

யாழ்ப்பாணத்து இறக்குக்கூலி வேறு வகை. ஒப்படைப்புச் சீட்டில் இறக்குக்கூலி லொறியின் பொறுப்பு என்று எழுதியிருந்தது. மூட்டைக்கு 30 ரூபாவாக 4,800 ரூபா. இது யாரிடமிருந்தும் திரும்பி வராத, ட்ரிப்பின் உண்மையான செலவு. ஒரே வேலைக்கு ஒரே வகைக் கூலியாக இருந்தும், ஒன்று திரும்பி வருகிறது, மற்றது வருவதில்லை. இதைத் தீர்மானிப்பது வழக்கம் அல்ல, அந்த ட்ரிப்புக்குப் பேசிய பேச்சு. அதனால் ஒப்படைப்புச் சீட்டைப் பார்க்காமல் இந்த வரியைச் சரியென்று சொல்ல முடியாது. திரும்பும் சுமையான 5,000 கிலோ வெங்காயத்துக்கு ஏற்றுவதும் இறக்குவதும் சரக்குக்காரர் பொறுப்பு. கிலோவுக்கு 8 ரூபாவாக 40,000 ரூபா சரியாக வந்திருந்தது.

படி 20,000 ஆனது எப்படி

இந்த அலுவலகத்தில் யாழ்ப்பாண ட்ரிப்புக்குச் சாரதிக்குப் படி 10,000, உதவியாளருக்கு 6,000. மாதச் சம்பளம் வேறு. எனவே படி வரியில் 16,000 இருக்கவேண்டும், 20,000 இருந்தது. நான்கு நாட்களுக்குப் பதில் ஐந்து நாட்கள் ஆகியிருந்தால் கூடுதல் படி கொடுப்பதுண்டு என்பதால், முதலில் நாட்களைப் பார்த்தேன். நான்கு நாட்கள்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் படியை மட்டும் தனியாக உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. சாரதியின் கையில் இருந்த காசு முழுவதையும் ஒரு முறை நடத்திப் பார்க்கவேண்டும். புறப்படும்போது கொடுத்த முற்பணம் 40,000. திரும்பி வந்து வெங்காயத்தை இறக்கியபோது கூலியாக அவர் கையில் வாங்கியது 40,000. ஆக 80,000 ரூபா அவர் கையால் போயிருக்கிறது. அதிலிருந்து அவர் கொடுத்தவை: வவுனியாவில் டீசலுக்கு 14,000, ஏற்றுக்கூலி 5,600, இறக்குக்கூலி 4,800, வழிச்செலவு 3,200, இருவரின் படி 16,000. மொத்தம் 43,600. கொழும்பில் அடித்த டீசல் ஷெட்டில் முதலாளியின் கணக்கில் எழுதப்பட்டதால் இதில் வராது. மிகுதி 36,400 ரூபாவை அவர் அலுவலகத்தில் கட்டியிருக்க வேண்டும். காசுப் புத்தகத்தில் அவர் கட்டியதாக இருந்தது 32,400.

குறைந்த 4,000 ரூபாவைப் பற்றிச் சாரதியிடம் கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார்: “அது சம்பளத்தில கழிக்கச் சொல்லி முதலாளியிட்ட கேட்டு எடுத்தது, அண்ணை.” முதலாளிக்கும் அது நினைவிருந்தது. ஆனால் கணக்கப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குக் காசுப் புத்தகம் பொருந்தவேண்டும்; பொருந்துவதற்கு 4,000 ரூபா செலவு தேவைப்பட்டது; வவுனியா டீசலுக்குப் பில் இருந்தது, கூலிகளுக்கு மூட்டைக் கணக்கு இருந்தது, பில் கேட்காத ஒரே பெரிய வரி படிதான். அதனால் படி 20,000 ஆகிவிட்டது.

இது ட்ரிப்பின் செலவல்ல. சாரதி சம்பளத்திலிருந்து திருப்பித் தரவேண்டிய கடன். தாளில் செலவாக விட்டுவிட்டால் இரண்டு கெடுதல்கள். இந்த ட்ரிப்பின் இலாபம் 4,000 ரூபா குறைந்து தெரியும். மாத முடிவில் சம்பளத்திலிருந்து அதைக் கழித்தால், ஒரே தொகை இரண்டு இடத்தில் குறைந்து சாரதியோடு வீண் தகராறு வரும். கழிக்காவிட்டால், கடன் மறைந்தே போகும். முற்பணம் என்பது கையில் கொடுத்த காசு, படி என்பது பேசிய உரிமை. தாளில் செலவாக வரவேண்டியது பின்னது மட்டுமே. அனுபவத்தில், படி வரி வழக்கத்தைவிட முழு ஆயிரங்களில் கூடியிருக்கிறது என்றால் அங்கே ஏதோ ஒரு முற்பணம் ஒதுங்கியிருப்பதையே பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

டீசல்

முதலாளிக்கு இருந்த கேள்வியும் இதுதான், தாளில் இருந்த பெரிய பிழையும் இதுதான்.

யாழ்ப்பாண ட்ரிப்பில் லொறி ஓடியது, மீற்றர்படி, 816 கிலோமீற்றர். புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போய், மதவாச்சிக்கு முன்பே ஏ9 வீதியில் ஏறி, வவுனியா ஊடாக வடக்கே போன பாதைக்கு, போய் வர, நகர ஓட்டத்தையும் சேர்த்து இது பொருத்தமான தூரம். தாளில் இருந்த டீசல் 110 லீற்றர். வகுத்தால் லீற்றருக்கு 7.4 கிலோமீற்றர். திருகோணமலைத் தாளில் 530 கிலோமீற்றருக்கு 155 லீற்றர், அதாவது லீற்றருக்கு 3.4 கிலோமீற்றர்.

“பாரும் தம்பி, அவர் ஏழுக்கு மேல ஓட்டுறார், இவர் மூன்றரைகூட இல்லை” என்றார் முதலாளி.

“இந்த லொறி எட்டு டொன் ஏத்திக்கொண்டு ஏழு ஓடுமா, ஐயா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “புதுசா இருக்கேக்கையும் ஓடேல்ல” என்றார்.

அந்த ஒரு பதிலே சந்தேகத்தைத் திசை திருப்பப் போதுமானது. 3.4 என்ற எண் கெட்டது என்பதால் அது கண்ணில் பட்டது. 7.4 என்ற எண் நல்லது என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆனால் நடக்க முடியாத எண் அதுதான். டீசலைத் திருடி 3.4 ஆக்கலாம், எதைச் செய்தும் இந்த லொறியைச் சுமையோடு 7.4 ஓட்ட முடியாது. ஆகவே முதலில் விளக்கம் கேட்கவேண்டியது முதல் தாளிடம்.

அதன் டீசல் பில்கள் இரண்டு. புறப்படும் அன்று காலையில் கொழும்பு ஷெட்டில் 60 லீற்றர்; தாங்கி நிறைந்துவிட்டது. திரும்பும் வழியில் வவுனியாவில் 14,000 ரூபாவுக்கு 50 லீற்றர். அது நிறைய அடிக்கவில்லை, கொழும்பு வந்து சேர்வதற்காக அடித்தது. கணக்கப்பிள்ளை ட்ரிப் திகதிகளுக்குள் வந்த பில்களைக் கூட்டி 110 என்று எழுதிவிட்டார். ஆனால் புறப்படும்போது அடித்த 60 லீற்றர் எதை நிரப்பியது? அதற்கு முந்தைய ட்ரிப் குடித்த வெற்றிடத்தை. யாழ்ப்பாண ட்ரிப் தாங்கியில் விட்ட வெற்றிடத்தை நிரப்பிய பில் இந்தத் தாளிலேயே இல்லை. அது அடுத்த ட்ரிப்பின் தாளில், முதல் வரியாக, 115 லீற்றர் என்று இருந்தது.

தாங்கி நிறைந்த நிலையில் தொடங்கி, மறுபடி தாங்கி நிறையும்வரை அடித்ததைக் கூட்டினால் இடையில் எரிந்தது எவ்வளவோ அதுவே வரும். தொடக்கத்தில் நிரப்பிய லீற்றரைச் சேர்க்கக்கூடாது, முடிவில் நிரப்பியதைச் சேர்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாண ட்ரிப்பில் எரிந்தது வவுனியாவின் 50, திரும்பி வந்தபின் நிரப்பிய 115, ஆக 165 லீற்றர். லீற்றருக்கு 4.9 கிலோமீற்றர். செலவு 46,200 ரூபா. தாளில் இருந்ததைவிட 15,400 ரூபா கூடுதல்.

திருகோணமலை ட்ரிப்பையும் இதே முறையில் பார்த்தேன். வழியில் அடித்தது 40 லீற்றர், திரும்பியபின் நிரப்பியது 66 லீற்றர், மொத்தம் 106. லீற்றருக்கு 5 கிலோமீற்றர். யாழ்ப்பாண ட்ரிப்பைவிட ஒரு மயிரிழை நல்லது. திரும்பும்போது இந்த லொறி வெறுமையாக வந்தது, முந்தையதில் ஐந்து டொன் வெங்காயத்தோடு வந்தது என்பதால் அதுவும் இயல்பானதே. இரண்டாவது சாரதி செய்த ஒரே காரியம், முள் கீழே கிடந்த லொறியைப் பொறுப்பெடுத்து, ரோட்டுக்குப் போகுமுன் தாங்கியை நிரப்பியது.

இப்படிப் பில் பில்லாகப் பிரித்துப் பார்க்க நேரமில்லாத இடத்திலும் ஒரு விரைவான சோதனை உண்டு. சந்தேகத்துக்குரிய இரண்டு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடவேண்டும். பிழையான தாள்களின்படியே 110 உம் 155 உம் சேர்ந்தால் 265 லீற்றர்; ஓடியது 1,346 கிலோமீற்றர்; லீற்றருக்கு 5.1. தனித்தனியே 7.4, 3.4 என்று தறிகெட்டு நின்றவை சேர்ந்தவுடன் லொறியின் இயல்பான அளவுக்கு வந்துவிட்டன. டீசல் வெளியே போயிருந்தால் சேர்த்துப் பார்த்தாலும் குறைவு குறைவாகவே இருந்திருக்கும். சேர்த்ததும் சரியாகிறது என்றால், டீசல் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

டீசல் பில்களைத் திகதி வாரியாகக் கூட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தபோது 2022 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. டீசல் லீற்றருக்கு 460 ரூபாவரை போன அந்த ஆண்டில், கியூ.ஆர். அட்டையில் வாரத்துக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அதை, கிடைக்கும் நாளில் அடித்துக்கொள்வதே வழி. நிரப்பிப் புறப்படுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பில்லின் திகதிக்கும் ட்ரிப்புக்கும் தொடர்பில்லை. அப்போது திகதி வாரியாகக் கூட்டுவதைத் தவிர வேறு செய்திருக்க முடியாது. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை நிறுத்தப்பட்டபின்னும் தாள் மட்டும் பழைய முறையிலேயே தொடர்ந்திருக்கிறது.

அலுவலகத்தில் தாள் எக்செல்லில் இருப்பதால், டீசலுக்குத் தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தேன். 8 ஆம் வரி புறப்படும்போது தாங்கி நிறைந்த நிலை: அதில் மீற்றர் மட்டும், லீற்றர் இல்லை. 9 ஆம் வரி வழியில் அடித்தது. 10 ஆம் வரி திரும்பியபின் நிறைத்தது. D பத்தியில் மீற்றர், F பத்தியில் லீற்றர், G பத்தியில் விலை. முதல் சூத்திரம் டீசல் செலவையும் இரண்டாவது லீற்றருக்கு ஓடிய தூரத்தையும் தரும்.

```
=SUMPRODUCT(F9:F10,G9:G10)
=(D10-D8)/SUM(F9:F10)
```

லீற்றர்களைக் கூட்டி ஒரே விலையால் பெருக்காமல், ஒவ்வொரு வரியையும் அதன் விலையால் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் எரிபொருள் விலை வழமையாக மாத முடிவில் மாற்றப்படுகிறது. மாதக் கடைசியில் திரும்பிய லொறியை அடுத்த மாதம் முதல் நாள் நிரப்பினால், எரிந்தது பழைய விலை டீசல், நிரப்பியது புதிய விலை டீசல். எந்த விலையில் எழுதுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். லொறியை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவே ட்ரிப்பின் செலவு என்று கொண்டு, நிரப்பிய பில்லின் விலையை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அது பில்லோடும் பொருந்தும். ஆனால் ஒரு ட்ரிப்புக்கு ஒரு முறை, மறு ட்ரிப்புக்கு இன்னொரு முறை என்று போகக்கூடாது.

முறைக்கு எல்லைகளும் உண்டு. தாங்கி நிறைந்தது என்பதே ஒரு மதிப்பீடுதான். பம்பு தானாக நிற்கும் இடத்தில் விட்டார்களா, நுரை அடங்கவிட்டு விளிம்புவரை அடித்தார்களா, லொறி சரிவில் நின்றதா என்பவற்றைப் பொறுத்துச் சில லீற்றர்கள் வித்தியாசம் வரும். 165 லீற்றரில் நான்கு லீற்றர் பெரிதல்ல. ஆனால் இதே லொறி ஒருகொடவத்தைக்கும் களனிக்கும் ஓடும் ஒரு நாள் ஓட்டத்தில் எரிவது 12 லீற்றர் என்றால், நான்கு லீற்றர் பிழை அந்தக் கணக்கையே பயனற்றதாக்கிவிடும். அதிலும் துறைமுக வாசலில் வரிசையில் நின்று எரிக்கும் டீசலுக்குக் கிலோமீற்றரே இல்லை. நகர ஓட்டங்களை ட்ரிப் வாரியாக அல்லாமல் வாரம் வாரமாகச் சேர்த்துப் பார்ப்பதே தகும்.

நிரப்பாமல், தாங்கிக்குள் கம்பு விட்டு அளந்தால் போதாதா என்று முதலாளி கேட்டார். சதுரமான தாங்கியானால் ஓரளவு முடியும். இந்த லொறியின் தாங்கி படுக்கவைத்த உருளை. அதில் அரை உயரத்துக்கு டீசல் நின்றால் அரைத் தாங்கி என்பது சரி. ஆனால் கால் உயரத்துக்கு நின்றால் கால் பங்கு இருக்காது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். 200 லீற்றர் தாங்கியில் அந்த வித்தியாசம் மட்டும் பத்து லீற்றருக்கு மேல். எனவே கம்பு அளவு ஒரு கண் பார்வைக்கு உதவுமே தவிர, சாரதியின் வேலையைத் தீர்மானிக்க உதவாது.

பில்லில் 50 லீற்றர் எழுதி வாங்கிக்கொண்டு தாங்கியில் 40 அடிக்கும் வேலை நடந்தால் இந்த முறையில் பிடிபடுமா என்ற கேள்வியும் வந்தது. பிடிபடும். தாங்கியில் விழாத 10 லீற்றரைத் திரும்பியபின் நிரப்பும் பம்பு கேட்கும், 115 க்குப் பதில் 125 போகும், லீற்றருக்கு 4.9 என்பது 4.7 ஆக இறங்கும். ஆனால் அந்த இறக்கம் திருட்டினாலா, ரயரில் காற்றுக் குறைவினாலா, கூடுதல் பாரத்தினாலா என்று எண் சொல்லாது. ஒரு ட்ரிப்பில் இறங்கினால் கேட்கலாம். ஒரே சாரதியிடம் பல ட்ரிப்புகளில் இறங்கி, அதே லொறி வேறு சாரதியிடம் ஏறினால்தான் அதற்குமேல் பேசலாம்.

திருத்திய தாள்

சரக்குக் கூலி 120,000, திரும்பும் கூலி 40,000, திரும்பப் பெற்ற ஏற்றுக்கூலி 5,600: வரவு 165,600 ரூபா. டீசல் 46,200, ஏற்றுக்கூலி 5,600, இறக்குக்கூலி 4,800, படி 16,000, வழிச்செலவு 3,200: செலவு 75,800 ரூபா. இலாபம் 89,800 ரூபா. தாளில் இருந்ததைவிட 17,000 குறைவு. இரட்டை வரவு 5,600 உம் டீசல் 15,400 உம் இலாபத்தை ஊதியிருந்தன. படியில் ஒதுங்கிய 4,000 அதைக் கொஞ்சம் அமுக்கி வைத்திருந்தது. பிழைகள் எதிர்த் திசையில் இருந்து முழுவதும் ஈடாகியிருந்தால் இலாபம் சரியாகவே தெரிந்திருக்கும், தாள் முழுவதும் பிழையாக இருந்தபோதும். இலாப வரியை மட்டும் வழக்கமான தொகையோடு ஒப்பிட்டுத் திருப்தியடைவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

திருகோணமலைத் தாளின் மற்ற வரிகள் சரியாகவே இருந்தன. டீசல் மட்டும் 43,400 இலிருந்து 29,680 ஆகக் குறைந்து, இலாபம் 29,000 இலிருந்து 42,720 ஆகியது.

இது முதலாளியின் இன்னொரு முடிவையும் தொட்டது. யாழ்ப்பாண ட்ரிப் நான்கு நாள், திருகோணமலை இரண்டு நாள். பழைய தாள்களின்படி நாளொன்றுக்கு 26,700 எதிர் 14,500. அந்தக் கணக்கைப் பார்த்து, திருகோணமலைக் கடைக்காரரின் சுமையை இனி எடுப்பதில்லை என்று அவர் நினைத்திருந்தார். திருத்தியபின் அது 22,450 எதிர் 21,360. விடுவதற்குக் காரணமாகக் காட்டக்கூடிய இடைவெளி அங்கே இல்லை.

ஆனால் இந்த இலாபத்திலிருந்துதான் லீசிங் தவணை, காப்புறுதி, சம்பளம், ரயர், சேர்விஸ் எல்லாம் போகவேண்டும். முதல் மூன்றும் லொறி ஓடினாலும் நின்றாலும் மாதத்துக்கு மாதம் வருபவை. அவற்றை ட்ரிப்புக்குப் பங்கிடுவது இந்த ஒப்பீட்டுக்குத் தேவையில்லை. ரயரும் சேர்விஸும் ஓட்டத்தோடு தேய்பவை. பழைய பில்களிலிருந்து முதலாளி அதற்குக் கிலோமீற்றருக்கு 25 ரூபா என்று ஒதுக்குகிறார். அதைக் கழித்தால் யாழ்ப்பாண ட்ரிப்பில் நாளுக்கு 17,350 உம் திருகோணமலையில் 14,735 உம் நிற்கின்றன. திருகோணமலை ட்ரிப்பில் லொறி நாளொன்றுக்குக் கூடுதலான தூரம் ஓடுவதால் இடைவெளி சற்று அகலுகிறது. அங்கிருந்து ஒரு சிறு திரும்பும் சுமை கிடைத்தாலே அது மூடிவிடும் என்பதால், இரண்டாவது சாரதியை நிறுத்தும் பேச்சை விட்டுவிட்டு, திருகோணமலையில் சுமை பிடித்துத் தரக்கூடிய தரகர் ஒருவரை முதலாளி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்.